மைனர் பாட்டில் கோரஸ் மட்டும் ரிலேட்டிவ் மேஜருக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக மெட்டமைக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு சிதறாமல் இருக்க எல்லா விடைகளிலும் ஒரே எடுத்துக்காட்டைத்தான் வைத்திருக்கிறேன்: ஏ மைனரில் சரணம், சி மேஜரில் கோரஸ். உங்கள் பாட்டு வேறு சுருதியில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்திக்கொண்டால் போதும்.

ரிலேட்டிவ் மேஜர் என்றால் என்ன? என் பாட்டுக்கு அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டு எந்த மைனரில் இருக்கிறதோ அதன் ஸாவிலிருந்து மூன்று அரைச்சுரம் மேலே போங்கள். கீபோர்டில் கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். ஏ-யிலிருந்து பி ஃப்ளாட், பி, சி என்று மூன்றாவது கட்டையில் நிற்பீர்கள். ஆகவே ஏ மைனருக்கு ரிலேட்டிவ் மேஜர் சி. கிட்டாரில் அதே தந்தியில் மூன்று ஃப்ரெட் தள்ளினால் அதுவே. ஈ மைனருக்கு ஜி மேஜர், டி மைனருக்கு எஃப் மேஜர்.

இரண்டிலும் ஏழு சுரமும் ஒன்றுதான் என்கிறார்கள். பிறகு கேட்பவருக்கு என்ன மாறுகிறது?

ஸா மாறுகிறது. சுரங்கள் அப்படியே இருக்க, காது எதைத் தன் இருப்பிடமாக எடுத்துக்கொள்கிறது என்பது மட்டும் இடம் பெயர்கிறது. சரணத்தில் ஏ ஸாவாக இருந்தது, சி அதன் மேல் நிற்கும் சோகமான காந்தாரமாக இருந்தது. கோரஸில் அதே சி ஸாவாகிறது. ஏ ஆறாவது படியில் ஒதுங்கிவிடுகிறது.

ஆனால் ‘ஏழு சுரமும் ஒன்றுதான்’ என்பது பாதி உண்மை. நாம் கேட்கிற மைனர் பாட்டுகள் பலவற்றில் சரணம் முடியும் இடத்தில் ஈ செவன்த் கார்ட் வரும். அந்தக் கார்டுக்குள் ஜி ஷார்ப் இருக்கிறது. சி மேஜரில் அந்தச் சுரமே கிடையாது. அங்கே இருப்பது வெறும் ஜி. ஜி ஷார்ப் ஏ-க்கு அரைச்சுரம் கீழே நின்றுகொண்டு ‘மேலே ஏறு, ஏ-யில் போய் நில்’ என்று தள்ளிக்கொண்டே இருக்கும். அது காதில் இருக்கும்வரை ஏ-தான் ஸா. அதை அரைச்சுரம் இறக்கி ஜி ஆக்கிய கணத்தில் அந்தத் தள்ளல் நின்றுவிடுகிறது. கோரஸில் மூச்சு விட்டாற்போல ஓர் ஆறுதல் வருகிறதே, அது பெரும்பாலும் இந்த ஒற்றைச் சுரம் இறங்கியதால் வருவது. இந்தப் பக்கத்தில் மீதியுள்ள விடைகளில் பலவும் இந்த ஜி-யைப் பற்றியவைதான்.

முழுப் பாட்டாக எழுதிக் காட்ட முடியுமா? கார்ட் எங்கே மாறுகிறது என்று பார்த்தால்தான் எனக்குப் புரியும்.

நான்கு எண்ணிக்கைத் தாளம், நிமிடத்துக்கு 80 தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டம் ஒரு பார். ஒரு பாருக்குச் சரியாக மூன்று விநாடி.

```
சரணம்
| Am | Dm | E7 | Am |
| Am | Dm | E7 | Am |

இணைப்பு
| F  | Dm | G  | G7 |

கோரஸ்
| C  | F  | G  | C  |
| C  | F  | Dm | E7 |
```

சரணம் 24 விநாடி, இணைப்பு 12 விநாடி. கோரஸின் முதல் சி கார்ட் விழும்போது பாட்டில் 36 விநாடி ஓடியிருக்கும். அதுவரை சி கார்ட் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜி கார்டும் இணைப்பின் மூன்றாவது பார் வரை ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். சரணத்தின் முதல் வரி ஒன்றாம் கார்ட், நான்காம் கார்ட், ஐந்தாம் கார்ட், மீண்டும் ஒன்று. கோரஸின் முதல் வரியும் அதே ஒன்று, நான்கு, ஐந்து, ஒன்று. நடை ஒன்று, ஸா மட்டும் வேறு. வேண்டுமென்றேதான் இப்படி அமைத்தேன். நடை பழகியதாக இருப்பதால் காது வேறு எதையும் புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. வெளிச்சம் மாறியது மட்டும் அதற்குத் தெரிகிறது. இப்படித்தான் செய்ய வேண்டும் என்றில்லை, ஆனால் முதன்முறை முயல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

இணைப்பில் எஃப், டி மைனர் என்று ஏன் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? ஏ மைனர் முடிந்ததும் நேராக ஜி போட்டால் ஆகாதா?

ஆகும். ஆனால் திருப்பம் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கேட்கும். எஃப், டி மைனர் இரண்டும் இரு பக்கத்துக்கும் சொந்தமான கார்டுகள். டி மைனர் ஏ மைனரில் நான்காவது, சி மேஜரில் இரண்டாவது. எஃப் அங்கே ஆறாவது, இங்கே நான்காவது. அவை ஒலிக்கும்போது கேட்பவர் இன்னும் பழைய ஸாவில்தான் இருக்கிறார். நீங்கள் மட்டும் புதிய ஸாவுக்குக் கிளம்பிவிட்டீர்கள். ஜி வரும்போதுதான் அவருக்கு வண்டி திரும்பியது தெரிகிறது.

கடைசியில் ஜி செவன்த் வருவதற்கும் காரணம் உண்டு. அதற்குள் பி-யும் எஃப்-பும் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் உரசும். பி மேலே சி-க்கும், எஃப் கீழே ஈ-க்கும் போனால்தான் உரசல் தீரும். சி-யும் ஈ-யும் சி மேஜர் கார்டின் முதல் இரண்டு சுரங்கள். அதாவது சி-யை நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை, ஜி செவன்த்தே அதைக் கேட்டு வாங்கிவிடுகிறது.

ஜி-யில் எத்தனை பார் நிற்க வேண்டும்?

நிதானமான பாட்டில் இரண்டு பார். வேகமான பாட்டில் நான்கு வரை போகலாம். ஒரு பாரின் கடைசித் தட்டில் மட்டும் ஜி-யைத் தொட்டுவிட்டு ஓடினால் காதில் அது வழிப்போக்கன் போல ஆகிவிடும். அடுத்து வரும் சி-யும் அப்படியே கேட்கும். சரணத்தில் ஜி ஷார்ப் பலமுறை வந்து அழுத்தமாகப் பதிந்திருந்தால் ஜி-க்கு இன்னும் அதிக நேரம் கொடுங்கள்.

கோரஸை சி கார்டில்தான் தொடங்கினேன். ஆனாலும் ஒன்றுமே மாறியதாகத் தெரியவில்லை. ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பாட்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் சரணம் இப்படி இருக்கும்:

```
சரணம்  | Am | F | C  | G |
கோரஸ்  | C  | G | Am | F |
```

இந்த நான்கு கார்டையும் சுற்றிச் சுற்றி வாசிக்கும்போது சரணமே பாதி சி மேஜரில்தான் இருக்கிறது. ஜி வந்துவிட்டது, சி வந்துவிட்டது, ஜி ஷார்ப் எங்கேயும் இல்லை. கோரஸில் கொடுக்க வேண்டிய ஆறுதலைச் சரணத்திலேயே மூன்று நான்கு முறை கொடுத்துத் தீர்த்துவிட்டீர்கள். கோரஸ் வரும்போது அதே வட்டத்தை வேறு இடத்தில் தொடங்குகிறீர்கள், அவ்வளவுதான். இதற்கு மருந்து கோரஸில் இல்லை, சரணத்தில் இருக்கிறது. சரணத்திலிருந்து சி-யையும் ஜி-யையும் எடுத்துவிடுங்கள். ஏ மைனர், டி மைனர், எஃப், ஈ செவன்த் நான்கை வைத்து எழுதுங்கள். கோரஸில் ஒரு கார்டைக்கூட மாற்றாமல் அது வேறு பாட்டாகிவிடும்.

இரண்டாவது காரணம் பேஸ். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டுக்கு எல்லாம் சரியாகவே எழுதியிருந்தேன். சரணத்தில் சி இல்லை, இணைப்பில் இரண்டு பார் ஜி. ஒலிப்பதிவில் கோரஸ் வந்தது, பாடிய பெண்மணி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “சார், திறக்கவே இல்லையே” என்றார். அவர் சொன்ன சொல் அதுதான், ‘திறக்கவில்லை’. ஒவ்வொரு வாத்தியமாக நிறுத்திக் கேட்டபோது விஷயம் பிடிபட்டது. பேஸ் வாசித்தவர் கோரஸின் முதல் தட்டில் ஏ-யைத் தொட்டுவிட்டு இரண்டாவது தட்டில் சி-க்குப் போய்க்கொண்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் சி, ஈ, ஜி மூன்றுக்கும் அடியில் ஏ ஒலித்தால் அது சி மேஜர் இல்லை. ஏ மைனர் செவன்த். முதல் தட்டில் சி வாசிக்கச் சொன்னேன், ஒரே டேக்கில் முடிந்தது.

கீபோர்டில் சி சிக்ஸ்த் வாசிக்கிறவர்களும் இதையே கவனிக்க வேண்டும். சி சிக்ஸ்த்தில் உள்ள சி, ஈ, ஜி, ஏ நான்கும் ஏ மைனர் செவன்த்தின் அதே நான்கு சுரங்கள். கோரஸின் முதல் வரியிலாவது ஏ-யைச் சேர்க்காமல் வெறும் மூன்று சுரமாக வாசியுங்கள். அலங்காரத்தை இரண்டாவது வரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கார்ட் சரி, பேஸ் சரி. மெட்டில் ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம். சரணத்தின் மெட்டு ஏ-யைச் சுற்றி வந்து ஏ-யில் முடிகிறது. கோரஸ் மெட்டும் ஏ-யில் போய் நின்றால் கார்டுகள் சொல்வதைப் பாடகர் மறுத்துப் பேசுகிறார் என்று பொருள். கோரஸின் நீண்ட சுரங்கள் சி, ஈ, ஜி-யில் விழ வேண்டும். வரி முடிவு சி-யில் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

நம் எடுத்துக்காட்டில் நான் இப்படிப் போவேன். சரணத்தின் வரிகள் பி, ஜி ஷார்ப், ஏ என்று இறங்கி ஏறி முடியட்டும். பாடகர் ஜி ஷார்ப்பைத் தன் வாயாலேயே பாட வேண்டும். வாத்தியத்தில் மட்டும் இருந்தால் போதாது. கோரஸின் முதல் எழுத்தை மேல் ஜி-யில் வையுங்கள். அதிலிருந்து ஈ-க்கு இறங்கி, எஃப் கார்டில் ஏ, ஜி, எஃப் என்று தொட்டு, ஜி கார்டில் பி, டி, கடைசியில் சி. சரணம் முழுக்க ஷார்ப்பாகப் பாடிய சுரத்தை இப்போது கோரஸின் வாசலிலேயே சுத்தமாக, நீளமாக, உரக்கப் பாடுகிறார். கேட்பவருக்குப் பெயர் தெரியாது. ஆனால் எதுவோ தளர்ந்தது என்பது தெரியும்.

கோரஸ் பாடகருக்கு எட்டவில்லை. சுருதியைக் குறைத்தால் சரணம் கீழே போய்விடுகிறது.

ஸா மூன்று அரைச்சுரம் மேலே போவதால் மெட்டும் மேலே ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றமும் ஆறுதலில் ஒரு பங்கு. ஆனாலும் குரல் நெரிந்தால் ஆறுதல் எங்கே? முதலில் கோரஸின் உச்ச சுரம் எது, அது எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். நம் பாட்டில் உச்சம் ஏ, வரிக்கு ஒருமுறைதான். அங்கே மட்டும் சிரமம் என்றால் அந்த ஒரு இடத்தை எஃப்-க்கு இறக்கினால் எஃப் கார்டின் மேல் அதுவும் பொருந்தும். மொத்தமுமே உயரம் என்றால் கோரஸை மேல் ஜி-க்குப் பதிலாக ஈ-யில் தொடங்கிப் பாருங்கள். ஈ-யும் சி கார்டுக்குள் இருப்பதுதான். ஆனால் ஜி-யை வாத்தியமோ துணைக்குரலோ உரக்க எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏ மைனரிலிருந்து ஏ மேஜருக்கே போகலாமே? அதுவும் மேஜர்தானே?

அது வேறு காரியம். அங்கே ஸா அசைவதில்லை, சுரங்கள் மாறுகின்றன. சி, எஃப் இரண்டும் ஷார்ப்பாகிவிடும். ஜி ஷார்ப் இருந்த இடத்திலேயே இருக்கும். இருட்டறையில் விளக்கைப் போட்டது போல முகத்தில் அடிக்கும். வெற்றி, திருவிழா, கதை முடிந்துவிட்டது என்று சொல்ல அது நல்லது. சற்று இளைப்பாறிவிட்டுத் திரும்ப வேண்டிய பாட்டுக்கு அது அதிகம் என்பது என் எண்ணம். ரிலேட்டிவ் மேஜரில் பெரும்பாலான சுரங்கள் பழையவையாகவே இருப்பதால் சோகம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தோம், வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

என் சரணத்தில் ஜி ஷார்ப்பே இல்லை. ஈ செவன்த்துக்குப் பதில் ஈ மைனர் வருகிறது. எனக்கு இது பயன்படுமா?

பயன்படும், ஆனால் கையில் இருக்கும் சரக்கு குறைவு. ஈ மைனருக்குள் ஏற்கெனவே ஜி ஒலிக்கிறது. ஆகவே முன்பு சொன்ன ‘ஷார்ப் இறங்குவது’ உங்களுக்குக் கிடைக்காது. மிச்சம் இருப்பது பி, எஃப் இரண்டின் உரசல். ஏ மைனர், டி மைனர், ஈ மைனர் மூன்றிலும் பி-யும் எஃப்-பும் ஒரே கார்டில் சேர்ந்து வருவதே இல்லை. அதனால் இணைப்பின் கடைசியில் வரும் ஜி செவன்த்தான் பாட்டின் முதல் உரசல், கோரஸின் சி அதன் முதல் தீர்வு. இரண்டு பார் அதை நிறுத்தி வாசியுங்கள்.

இன்னொரு வழி, சரணத்தின் கடைசி வரியில் மட்டும் ஈ மைனரை ஈ செவன்த் ஆக்குவது. ஒரே ஒரு ஜி ஷார்ப். அது வந்து போனபின் இணைப்பில் ஜி கேட்கும்போது இரண்டு பலனும் கிடைக்கும். மெட்டு அதை ஏற்கிறதா என்று மட்டும் பாடிப் பாருங்கள். அந்தப் பாரில் பாடகர் ஜி பாடிக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும்.

கோரஸிலிருந்து மறுபடி மைனருக்கு எப்படித் திரும்புவது? எனக்கு அது எப்போதும் தடுமாறுகிறது.

போன வழியைத் திருப்பிப் போட்டால் போதும். ஜி-யை மறுபடி ஷார்ப் ஆக்குங்கள். எடுத்துக்காட்டில் கோரஸின் இரண்டாம் வரி சி, எஃப், டி மைனர், ஈ செவன்த். இரு பக்கத்துக்கும் பொதுவான டி மைனர் இங்கே மறுபடி உதவுகிறது. அதற்கு அடுத்த ஈ செவன்த்தில் ஜி ஷார்ப் வந்ததும் காது ஏ-யை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். சரணத்தின் முதல் ஏ மைனர் அதை நிறைவேற்றும்.

அந்தக் கடைசி பாரில் பாடகரை ஈ-யிலேயே நீளமாக நிறுத்துங்கள். ஈ என்பது சி கார்டில் மூன்றாவது, ஏ மைனரில் ஐந்தாவது, ஈ செவன்த்தில் அதுவே அடி. மூன்று இடத்திலும் சொந்தக்காரன். குரல் அசையாமல் நிற்க, அடியில் மட்டும் எல்லாம் இருண்டுகொண்டு போவதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. தடுமாற்றம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஈ செவன்த்தை விட்டுவிடுவதுதான். சி-யில் கோரஸை முடித்துவிட்டு அடுத்த பாரில் ஏ மைனர் போட்டால் அது சி மேஜரின் ஆறாவது கார்டாகவே கேட்கும். சரணம் தொடங்கியும் பாட்டு இன்னும் கோரஸிலேயே இருக்கும்.

கோரஸின் வரிகளே சோகமானவை. மேஜரில் பாடினால் பொருந்துமா?

ஆறுதல் வேறு, மகிழ்ச்சி வேறு. அழுதுகொண்டிருப்பவர் நடுவில் ஒரு பெருமூச்சு விடுகிறார். அவருடைய துக்கம் எங்கேயும் போய்விடவில்லை. வரிகள் யாரையாவது நினைத்துப் பார்ப்பது, யாரையாவது அழைப்பது, ஒன்றை ஒப்புக்கொள்வது என்று இருந்தால் ரிலேட்டிவ் மேஜர் நன்றாகவே தாங்கும். குற்றம் சாட்டுகிற வரி, கோபமான வரி என்றால் மைனரிலேயே விடுங்கள். அங்கே கார்ட் தளர்ந்தால் சொல்லின் கூர்மை போய்விடும்.

கர்நாடக சங்கீதத்தில் கிரக பேதம் என்பார்களே, அதுதானா இது? தம்புரா ஒலிக்கும்போது செய்யலாமா?

அடிப்படை ஒன்றுதான். நடபைரவியின் காந்தாரத்தை ஸாவாக எடுத்துக்கொண்டு அதே சுரங்களைப் பாடினால் சங்கராபரணம் கிடைக்கும். ஆனால் மேலே சொன்ன எடுத்துக்காட்டுச் சரணம் நடபைரவி இல்லை. ஜி ஷார்ப் காகலி நிஷாதம். அதை வைத்தால் சுரங்கள் கீரவாணிக்குப் போய்விடும். கீரவாணியின் காந்தாரத்திலிருந்து சங்கராபரணம் வராது. காகலியைக் கைசிகி நிஷாதமாக இறக்கினால்தான் வழி திறக்கும். ஜி ஷார்ப்பை ஜி ஆக்குங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னது இதைத்தான்.

தம்புரா விஷயம் கடினம். ஏ-யும் ஈ-யும் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தால் அது ஒலிப்பதிவில் பேஸ் ஏ வாசித்த கதைதான். எந்தக் கார்ட் போட்டாலும் அடியில் பழைய ஸா நிற்கும். கச்சேரியில் கிரக பேதம் செய்பவர்கள் அதனால்தான் புதிய ஸாவைச் சிறிது நேரம் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கார்டுகளோடு கூடிய பாட்டில் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இணைப்பு தொடங்கும்போது சுருதி ஒலியை மெல்லக் கரைத்துவிடுங்கள். அது இல்லாமல் பாட்டு வெறுமையாகத் தோன்றினால் ஏ-யை எடுத்துவிட்டு ஈ-யை மட்டும் விடுங்கள். முன்பு பார்த்தபடி ஈ இரண்டு ஸாவுக்கும் பொது. எஃப், டி மைனர், ஜி கார்டுகளின் மேல் அது சற்று உறுத்தும், தாங்க முடிகிற அளவுதான்.

புதிய ஸா உண்மையிலேயே நிலைத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எழுதியவனுக்கு எல்லாமே சரியாகத்தானே கேட்கும்?

பாட்டைக் கேட்டறியாத ஒருவரிடம் சரணத்திலிருந்து போட்டுக் காட்டுங்கள். கோரஸின் மூன்றாவது பாரில், ஜி கார்ட் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, பாட்டு எங்கே போய் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அந்தச் சுரத்தை முணுமுணுக்கச் சொல்லுங்கள். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் சி-யைப் பிடித்தால் மாற்றம் நடந்திருக்கிறது. ஏ-யைப் பிடித்தால் சரணம் இன்னும் விட்டுவிடவில்லை. சி கார்ட் ஒலித்து முடிந்தபின் கேட்காதீர்கள். கடைசியாகக் கேட்ட சுரத்தையே திருப்பிச் சொல்லிவிடுவார்கள்.

ஏ-யைப் பிடித்தால் முதலில் பேஸைப் பாருங்கள், அடுத்துச் சரணத்தில் சி-யும் ஜி-யும் ஒளிந்திருக்கின்றனவா என்று, அதற்கும் பிறகு மெட்டு எங்கே நிற்கிறது என்று. இந்த வரிசையில் பார்த்தால் நேரம் வீணாகாது.

கோரஸ் மூன்று முறை வருகிறது. மூன்றாவது தடவை அந்த ஆறுதல் பழகிப் போய்விடுகிறது. பாட்டை சி-யில் முடிப்பதா, ஏ மைனரில் முடிப்பதா?

சி-யில் முடிக்க வேண்டுமானால் கடைசி கோரஸின் ஈ செவன்த்தை எடுத்துவிட்டு, எஃப், ஜி, சி என்று மூடுங்கள். இரண்டு முறை ஈ செவன்த்தால் திரும்ப இழுக்கப்பட்டவருக்கு, மூன்றாவது முறை அது வராமல் போவதே பெரிய விஷயம். ஆறுதல் பழகிவிட்டது என்ற குறையும் அதில் தீர்ந்துவிடும்.

மற்ற வழி இதற்கு நேர் எதிர். மோட்சார்ட் 1788-இல் எழுதிய 40-ஆம் சிம்ஃபனி ஜி மைனரில் உள்ளது. அதன் முதல் பகுதியில் இரண்டாவது மெட்டு முதலில் ரிலேட்டிவ் மேஜரான பி ஃப்ளாட்டில் வருகிறது. பின்னால் அதே மெட்டு திரும்பும்போது ஜி மைனரில் வருகிறது. முதலில் ஆறுதலாகக் கேட்ட மெட்டு, இப்போது ஆறுதல் பறிக்கப்பட்டதாகக் கேட்கிறது.

நம் பாட்டில் இதைச் செய்வது எளிது. சரணமும் கோரஸும் ஒரே நடை என்று முன்பே சொன்னேன். கடைசி கோரஸின் வரிகளை அப்படியே வைத்துக்கொண்டு ஏ மைனர், டி மைனர், ஈ செவன்த், ஏ மைனர் மேல் பாடுங்கள். மெட்டின் ஒவ்வொரு சுரமும் ஒரு படி விட்டு அடுத்த படிக்கு இறங்கும்: ஜி, ஈ என்று தொடங்கியது ஈ, சி என்றாகும், ஏ, ஜி, எஃப் என்பது எஃப், ஈ, டி, பி, டி என்பது ஜி ஷார்ப், பி, முடிவில் இருந்த சி, ஏ ஆகும். பாடகருக்கு இது இரண்டு நாள் பழக வேண்டும், ஏனென்றால் வாய் பழைய ஜி-க்கே ஓடும். பழகும்போது கார்ட் இல்லாமல், ஈ-யை மட்டும் ஒலிக்கவிட்டுப் பாடச் சொல்லுங்கள். இணைப்பில் வரும் இரண்டு பார் ஜி-யையும் அந்த ஒருமுறை ஈ செவன்த்தாக மாற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் கேட்பவர் சி-க்குத் தயாராகி நிற்க, நீங்கள் ஏ மைனரில் இறங்குவீர்கள், அது எழுதியவர் தவறிவிட்டதாகவே கேட்கும்.